ஒரே தையில் இரண்டு பூசம் வந்தால் எது தைப்பூசம்?

"தைப்பூசம் என்றைக்கு?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "தை மாசப் பௌர்ணமி அன்னைக்கு" என்று சொல்வார்கள். இன்னும் சிலர் "தை மாசத்துல பூச நட்சத்திரம் வர்ற அன்னைக்கு" என்பார்கள். இரண்டுமே சரி போலத்தான் தெரியும். ஆனால் இந்த இரண்டு பதில்களையும் நம்பி ரயில் டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025-ஆம் வருடம் ஒரு நல்ல உதாரணம்.

சென்னையில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். அவனுடைய அப்பாவுக்கு 2024-இல் ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை வருகிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். மாலை போட வேண்டும், விரதம் இருக்க வேண்டும், வேலை செய்யும் கம்பெனியில் ஒரு வாரத்துக்கு மேல் லீவு சொல்ல வேண்டும். "தேதி பாத்துச் சொல்லுடா, நீ ரயில்ல நேரா பழனிக்கு வந்துரு" என்று மகனிடம் பொறுப்பை விட்டார்.

பையன் 2024 நவம்பர் கடைசியில் செல்போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தான். பொங்கல் 2025 ஜனவரி 14. அன்று காலையே பூச நட்சத்திரம் ஆரம்பித்து, மறுநாள் 15-ஆம் தேதி காலை வரை இருக்கிறது என்று போட்டிருந்தது. தை மாதமும் பிறந்துவிட்டது, பூசமும் வந்துவிட்டது, அப்புறம் என்ன? பொங்கல் லீவோடு சேர்ந்தே வருகிறதே என்ற சந்தோஷத்தில் அடுத்த பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. 14-ஆம் தேதி இரவு கிளம்பி 15 காலையில் பழனியில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டான். அப்பாவும் மாலை போடும் நாளை அதற்கேற்ப எண்ணத் தொடங்கினார்.

அப்போதுதான் உள்ளே இருந்து அப்பத்தா போனை வாங்கினார்.

"ஏண்டா தம்பி, திருவாதிரை என்னைக்கிடா வருது?"

"பதிமூணாந் தேதி, அப்பத்தா."

"திருவாதிரைக் களி செரிக்கிறதுக்குள்ள தைப்பூசம் வந்துருமாடா? ஒரு மாசம் இருக்க வேணாமா? நல்லாப் பாரு."

அப்பத்தா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவர் கேட்ட கேள்வி முழுக்க முழுக்க வானியல் கேள்வி. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வானத்தைப் பார்க்க வேண்டும்.

நட்சத்திரம் என்பது ஒரு முகவரி

பஞ்சாங்கத்தில் "இன்று பூசம்" என்று போட்டிருந்தால், அன்று பூசம் என்ற விண்மீன் வானத்தில் தோன்றுகிறது என்று அர்த்தம் இல்லை. நிலா இன்று எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. வானத்தில் நிலா சுற்றிவரும் பாதை ஒரு முழு வட்டம், அதாவது 360 பாகை. அதை 27 சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அங்கே உள்ள ஒரு விண்மீனின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு பாகத்தின் அகலம் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). நிலா ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 27 நாளும் எட்டு மணி நேரமும் ஆகும். அதனால் ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று நகர்ந்துகொண்டே போகிறது. அந்த வரிசையில் எட்டாவது வீடுதான் பூசம்.

நிஜமான பூச விண்மீன்களும் அந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றன. கடக ராசியில் உள்ள மங்கலான சில புள்ளிகள் அவை. பக்கத்திலேயே தேன்கூட்டுக் கொத்து என்று சொல்லப்படும் ஒரு விண்மீன் கூட்டம் பஞ்சு மாதிரி தெரியும். வேடிக்கை என்னவென்றால், தைப்பூசத்தன்று இவற்றைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். ஏறக்குறைய முழு நிலா அதே இடத்தில் வந்து நிற்பதால், அந்த வெளிச்சத்தில் எல்லாம் மறைந்துவிடும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து, நிலா தாமதமாக எழும் நாளில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் முன்னிரவு நேரத்தில் கிழக்கே பார்த்தால் தெரியும்.

தைக்கும் பூசத்துக்கும் என்ன உறவு?

தமிழ் மாதம் சூரியனை வைத்துக் கணக்கிடுவது. சூரியன் மகர ராசிக்குள் நுழைந்தால் தை பிறக்கிறது. கும்பத்துக்குப் போனால் மாசி. இதற்கும் நிலாவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பௌர்ணமி என்பது என்ன? பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கு நேர் எதிரே நிலா வந்து நிற்பது. தையில் சூரியன் மகரத்தில் இருப்பதால், தைப் பௌர்ணமி நிலா அதற்கு நேர் எதிரான கடகத்தில்தான் இருந்தாக வேண்டும். கடகத்தில் கணிசமான பகுதியைப் பிடித்திருப்பது பூசம். அதனால்தான் தையும் பூசமும் பௌர்ணமியும் ஒன்றாகச் சேர்ந்தன. கார்த்திகையில் கார்த்திகை, வைகாசியில் விசாகம், பங்குனியில் உத்திரம் எல்லாமே இதே கணக்குதான்.

ஆனால் கடகம் முழுவதும் பூசம் இல்லை. ஜாதகம் பார்க்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: புனர்பூசம் நான்காம் பாதம், பூசம் நான்கு பாதமும், ஆயில்யம் நான்கு பாதமும் சேர்ந்ததுதான் கடகம். மொத்தம் ஒன்பது பாதம். அதில் பூசத்துக்குக் கிடைத்தது நான்கு.

சூரியன் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. இதை வைத்துக் கணக்குப் போட்டால், பௌர்ணமி தை 4 முதல் 17 வரைக்குள் வந்தால் மட்டுமே நிலா அந்த நேரத்தில் பூசத்தில் இருக்கும். பௌர்ணமி தை பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் வந்துவிட்டால் நிலா இன்னும் புனர்பூசத்தில் நிற்கும். பூசம் அதற்குப் பிறகு வரும். தை பாதிக்கு மேல் பௌர்ணமி வந்தால் நிலா ஆயில்யத்துக்குப் போயிருக்கும். பூசம் அதற்கு முன்பே வந்து போயிருக்கும்.

இப்படி இரண்டும் பிரியும்போது ஜெயிப்பது நட்சத்திரம்தான். 2014-இல் பௌர்ணமி ஜனவரி 16 காலையிலேயே முடிந்துவிட்டது, தைப்பூசம் 17-ஆம் தேதி கொண்டாடப்பட்டது. 2018-இல் இன்னொரு விசித்திரம். ஜனவரி 31 மாலை முழுச் சந்திர கிரகணம். கிரகணம் என்றாலே அது பௌர்ணமி நேரம்தான். அன்றுதான் தைப்பூசமும். ஆனால் நிலா முழுதாக மறைந்திருந்த ஏழு மணி வாக்கில் அது பூசத்தைத் தாண்டி ஆயில்யத்தின் வாசலில் நின்றது. பூசம் மாலை ஐந்தரை மணி சுமாருக்கே முடிந்திருந்தது.

பௌர்ணமிக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. 2024-இல் பூசம் ஜனவரி 25 காலை எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்து, 26 காலை பத்தரை வரை இருந்தது. சூரிய உதயத்தை மட்டும் பார்த்தால் 26-ஆம் தேதிதான் பூசம். ஆனால் பௌர்ணமி 25 இரவோடு முடிந்தது. அதனால் பூசமும் பௌர்ணமியும் சேர்ந்திருந்த 25-ஆம் தேதியே தைப்பூசம் ஆனது. தமிழக அரசு விடுமுறையும் அன்றுதான். (2021 முதல் தைப்பூசம் தமிழ்நாட்டில் பொது விடுமுறை.) ஆக, நாளை எடுத்துக் கொடுப்பது நட்சத்திரம். சந்தேகம் வந்தால் சாட்சி சொல்ல வருவது பௌர்ணமி.

2025 ஜனவரி 14: ஒரே காலையில் நடந்த மூன்று விஷயங்கள்

இப்போது அந்தப் பையனின் டிக்கெட்டுக்கு வரலாம். ஜனவரி 14 அன்று திருக்கணிதப் பஞ்சாங்கப்படி நடந்தது இதுதான். அதிகாலை நான்கு மணி வாக்கில் பௌர்ணமி முடிந்துவிட்டது. காலை ஒன்பது மணி வாக்கில் சூரியன் மகரத்துக்குள் நுழைந்து தை பிறந்தது. பத்தேகால் மணி வாக்கில் நிலா பூசத்துக்குள் நுழைந்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் பௌர்ணமி, பிறகு தை, அதன் பிறகு பூசம். அதாவது அந்தப் பௌர்ணமி தையுடையது இல்லை. ஐந்து மணி நேர வித்தியாசத்தில் அது மார்கழிப் பௌர்ணமியாகிவிட்டது. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி வருவது திருவாதிரை. அது முந்தின நாளான 13-ஆம் தேதியே வந்தும் போய்விட்டது. திருவாதிரைக்கு அடுத்தது புனர்பூசம், அதற்கு அடுத்தது பூசம். எனவே பையன் பார்த்த பூசம், தை பிறந்த பிறகு வந்தது என்றாலும், திருவாதிரை நிலாவின் வால் பகுதி. தைப் பௌர்ணமிக்கு அது நான்கு வாரம் முன்னால் இருந்தது.

சரி, தைப் பௌர்ணமியை ஒட்டிய பூசம் எங்கே? தை மாதத்துக்கு அந்த வருடம் 30 நாள். நிலா ஒரு சுற்றுச் சுற்றி வர 27 நாளும் கொஞ்சமும்தான். அதனால் தை 1, 2-இல் பூசத்தில் இருந்த நிலா, மாசி பிறக்கும் முன்பே இன்னொரு முறை பூசத்துக்கு வந்துவிட்டது. பிப்ரவரி 10 மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து, 11-ஆம் தேதி மாலை 6.34 வரை. ஒரே தையில் இரண்டு பூசம்! தை பிறந்து இரண்டு நாளுக்குள் முதல் பூசம் வந்துவிட்டால்தான் இப்படி நடக்கும்.

இரண்டாவது பூசத்திலும் ஒரு சுவாரசியம் உண்டு. 11-ஆம் தேதி மாலை 6.34-க்குப் பூசம் முடிந்தது. பௌர்ணமித் திதி ஆரம்பித்தது 6.55-க்கு. இருபத்தொரு நிமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தவறவிட்டன. பௌர்ணமி முழுக்க ஆயில்யத்தில்தான் நடந்தது, தை 30-ஆம் தேதி. "தைப்பூசம் என்றால் பௌர்ணமி" என்று மட்டும் நினைத்தவர்கள் 12-ஆம் தேதி போயிருப்பார்கள். "தையில் வரும் பூசம்" என்று மட்டும் நினைத்தவர்கள் ஜனவரி 15 போயிருப்பார்கள். இரண்டு பேருக்கும் தேர் கிடைத்திருக்காது. 2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. பழனியிலும் அன்றுதான், மலேசியாவின் பத்துமலையிலும் அன்றுதான்.

பழனியில் இந்தத் தேதி பிசகினால் ஒரு நாள் மட்டும் பிசகாது. அங்கே தைப்பூசத் திருவிழா பத்து நாள். ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோவிலில் கொடியேற்றி, ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் தைப்பூசத் தேர். பூசத்தை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கொடியேற்ற நாளே வரும். நடந்து வருகிறவர்கள் அதற்கும் பின்னால் எண்ணி மாலை போடுகிறார்கள். எல்லாக் கணக்கும் அந்த ஒரு நாளில் தொங்குகிறது.

அப்பத்தாவின் சூத்திரம்

பையன் அன்று இரவே உட்கார்ந்து பழைய தேதிகளை எடுத்து எழுதிப் பார்த்தான். அப்பத்தா சொன்ன "ஒரு மாசம்" சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

2023 டிசம்பர் 27 திருவாதிரை, 2024 ஜனவரி 25 தைப்பூசம். இடைவெளி 29 நாள். 2025 ஜனவரி 13 திருவாதிரை, பிப்ரவரி 11 தைப்பூசம். மறுபடியும் 29 நாள். காரணம் சுலபம். நிலா ஒரு முழுச் சுற்று வர 27 நாள், திருவாதிரையிலிருந்து பூசத்துக்கு இன்னும் இரண்டு வீடு. 27-உம் இரண்டும் 29. நேரம் கொஞ்சம் இழுத்தால் 30. 2023-இல் அப்படித்தான் ஜனவரி 6-இலிருந்து பிப்ரவரி 5 வரை 30 நாள் ஆனது. பஞ்சாங்கமே கையில் இல்லாவிட்டாலும் திருவாதிரைக் களி சாப்பிட்ட நாளிலிருந்து எண்ணினால் தைப்பூசம் வந்துவிடும். இரண்டே நாளில் ஒரு பூசம் வந்தால் அது நாம் தேடுகிற பூசம் இல்லை.

எழுதிய பட்டியலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2020 பிப்ரவரி 8, 2021 ஜனவரி 28, 2022 ஜனவரி 18, 2023 பிப்ரவரி 5, 2024 ஜனவரி 25, 2025 பிப்ரவரி 11. ஒன்று, போன வருடத்தைவிடப் பத்து நாள் (எப்போதாவது பதினொரு நாள்) முன்னால் வருகிறது. இல்லையென்றால் பதினேழு, பதினெட்டு நாள் பின்னால் தாவுகிறது. நிலா 13 சுற்றுச் சுற்ற 355 நாள் ஆகும். வருடத்துக்கு 365. அதனால்தான் பத்து நாள் முன்னேறுகிறது. அப்படி முன்னேறி முன்னேறித் தை பிறப்புக்குப் பக்கத்திலோ அதற்கு முன்போ போய் விழுந்தால், அந்தப் பூசத்தை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். பத்து நாள் பின்வாங்கி, 27 நாள் தாண்டினால் மிச்சம் பதினேழு.

இன்னொரு வழியும் இருக்கிறது. 19 வருடத்துக்கு ஒரு முறை சூரியனும் நிலாவும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து சேர்கின்றன. 2006-இல் தைப்பூசம் பிப்ரவரி 11, 2025-இலும் அதே தேதி. 2005-இல் ஜனவரி 25, 2024-இலும் அதே. 2007-இல் பிப்ரவரி 1, 2026-இலும் அதே பிப்ரவரி 1. ஒரு நாள் முன்பின் ஆகலாம், அதற்கு மேல் போகாது. வீட்டில் பழைய காலண்டர் கிடந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் எந்த நாள் என்று சொல்லுமே தவிர, எந்த மணி என்று சொல்லாது. மணி நேரத்துக்குப் பஞ்சாங்கம்தான் வேண்டும். அதிலும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேர வித்தியாசம் இருக்கலாம். வாக்கியம் என்பது நிலாவின் இடத்தை 248 பழைய சூத்திர வாக்கியங்களில் மனப்பாடமாக வைத்திருந்த முறை. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளை வைத்துப் போடுவது. நட்சத்திரம் நாளின் நடுவில் மாறுகிற வருடங்களில், போகிற கோவில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்வதே நல்லது.

இன்னும் நீண்ட காலத்தில் பார்த்தால் தையே மெதுவாக நகர்கிறது. வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டது 1874 ஜனவரி 30. அன்று தை 19. அதாவது அந்த வருடம் தை பிறந்தது ஜனவரி 12-இல். இன்று தை 1 ஜனவரி 14 அல்லது 15. நூற்றைம்பது வருடத்தில் இரண்டு நாள். தை நகர்ந்தால் தைப்பூசமும் அதோடு சேர்ந்து ஆங்கிலத் தேதியில் பின்னால் போகும்.

பையன் ஜனவரி டிக்கெட்டைக் கேன்சல் செய்ததில் கொஞ்சம் பணம் போயிற்று. அப்பா கம்பெனியில் பிப்ரவரிக்கு லீவு மாற்றிச் சொன்னார். மாலை போடும் நாளை அப்பத்தாவே குறித்துக் கொடுத்தார். பிப்ரவரி 11 அன்று பழனி அடிவாரத்தில் காலெல்லாம் கொப்புளத்தோடு நின்ற அப்பாவைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கப் பையனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

திரும்பி வந்ததும் அப்பத்தா கேட்டார்: "அடுத்த வருசம் என்னைக்குடா?"

"பத்து நாள் முன்னாடி, அப்பத்தா. பிப்ரவரி ஒண்ணு. அதுக்கு அடுத்தது ஜனவரி இருபத்திரண்டு."

"அதுக்கு அடுத்தது?"

பையன் விரலை மடக்கினான். இருபத்திரண்டிலிருந்து பத்து நாள் பின்னால் போனால் 2028 ஜனவரி 12. தை பிறக்கவே இல்லை. "தாண்டணும் அப்பத்தா. பிப்ரவரி எட்டு ஒன்பதுக்குப் போயிரும்."

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. "திருவாதிரை வரட்டும், எண்ணிப் பாத்துக்குவோம்" என்று எழுந்து போனார்.